120 பக்க வெள்ளை அறிக்கையை 2 பக்கமாகச் சுருக்குவது எப்படி? வாதம் உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? முழு விளக்கம்

2021 ஆகஸ்ட் 9. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், தமிழ்நாட்டின் நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையை சென்னை தலைமைச் செயலகத்தில் வெளியிட்டார். சுமார் 120 பக்கம். அன்று மாலைக்குள் கிட்டத்தட்ட எல்லோருடைய மொபைலுக்கும் அதிலிருந்து ஒரே ஒரு வரி வந்து சேர்ந்தது: ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன்.

அந்த எண் அறிக்கையில் இருப்பதுதான், பொய் இல்லை. ஆனால் 120 பக்கமும் சொல்ல வந்தது அதுவா என்றால், இல்லை. கடன் இருக்கிறது என்பதற்காக எந்த அரசும் வெள்ளை அறிக்கை போடாது. எதற்காகக் கடன் வாங்குகிறோம், ஏன் வாங்க வேண்டி வந்தது, இது எங்கே போய் முடியும் என்று ஒரு வாதம் அதற்குள் ஓடுகிறது. அந்த வாதத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால் அது சுருக்கம் ஆகாது, துணுக்கு.

சட்டமன்ற உறுப்பினருக்குக் குறிப்பு எழுதித் தரும் உதவியாளர், சங்கக் கூட்டத்தில் விளக்க வேண்டிய நிர்வாகி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், செய்தி அறையில் உட்கார்ந்திருப்பவர் என்று பலருக்கும் இந்த வேலை வந்து விழும். "ரெண்டு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்பார்கள். அதை எப்படிச் செய்வது என்று இதே 2021 அறிக்கையை வைத்தே பார்க்கலாம்.

வெள்ளை அறிக்கை என்றால் என்ன?

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்து வந்த பழக்கம் இது. தடிமனான அறிக்கைகளுக்கு நீல அட்டை போடுவார்கள். சின்ன அறிக்கைகள் அட்டை இல்லாமல் வெள்ளைத் தாளிலேயே வரும். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஒரு விஷயத்தில் நிலைமை என்ன, ஏன் இப்படி ஆனது, அடுத்து என்ன என்று அரசு தன் தரப்பை ஆதாரத்தோடு வைக்கும் ஆவணத்துக்கு இந்தப் பெயர். தமிழ்நாட்டில் இதற்கு முன் 2001-ல், நிதியமைச்சர் பொன்னையன் காலத்தில் நிதிநிலை வெள்ளை அறிக்கை வந்தது.

"தன் தரப்பை" என்பதைக் கவனியுங்கள். வெள்ளை அறிக்கை வெறும் கணக்குப் புத்தகம் இல்லை. கணக்கை வைத்து ஒரு முடிவை நோக்கி நம்மைக் கூட்டிப்போகும் ஆவணம். ஆகவே சுருக்கும்போது கணக்கு குறையலாம், கூட்டிப்போகும் வழி அறுந்துவிடக் கூடாது.

ஏன் பக்கம் பக்கமாகச் சுருக்க முடியாது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஏ4 தாளில், படிக்கும்படியான எழுத்து அளவில், ஒரு பக்கத்துக்கு சுமார் 300 தமிழ் வார்த்தை பிடிக்கும். இரண்டு பக்கத்துக்கு 600. மூல அறிக்கை 120 பக்கம். அப்படின்னா ஒரு மூலப் பக்கத்துக்கு நம்மிடம் இருப்பது ஐந்தே வார்த்தை!

ஐந்து வார்த்தையில் ஒரு பக்கத்தைச் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். முதல் அத்தியாயத்துக்கு ஒரு பத்தி, இரண்டாம் அத்தியாயத்துக்கு ஒரு பத்தி என்று வரிசையாகப் போவார்கள். கடைசியில் கையில் இருப்பது பொருளடக்கத்தின் கொஞ்சம் நீண்ட வடிவம். "வரவு பற்றி அறிக்கை பேசுகிறது, செலவு பற்றிப் பேசுகிறது, கடன் பற்றிப் பேசுகிறது" என்று இருக்கும். பேசுகிறது, சரி. என்ன சொல்கிறது?

ஆகவே முதலிலேயே ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூலத்தின் பல பக்கங்களுக்கு உங்கள் சுருக்கத்தில் ஒரு வார்த்தைகூட கிடைக்காது. மூன்று நான்கு பக்கங்களுக்கு மட்டும் ஐம்பது அறுபது வார்த்தை கிடைக்கும். எந்தப் பக்கங்களுக்கு என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

முதல் வேலை: மூடி வைத்துவிட்டு ஒரு வாக்கியம்

முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் முதலில் படியுங்கள். பிறகு நடுவில் உள்ளதை ஒருமுறை, குறிப்பு எடுக்காமல் படியுங்கள். பென்சில் கையில் இருந்தால் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் கோடிடத் தோன்றும். அதனால் முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம்.

படித்து முடித்ததும் அறிக்கையை மூடி வையுங்கள். பார்க்காமல் ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதில் "பற்றி" என்ற சொல் வரக்கூடாது என்பது நல்ல கட்டுப்பாடு. "தமிழ்நாட்டின் கடன் பற்றிய அறிக்கை" என்றால் அது தலைப்பு, வாதம் இல்லை.

2021 அறிக்கைக்கு இப்படி எழுதலாம்: "பொருளாதாரம் வளர்ந்த அளவுக்கு அரசின் வரவு வளரவில்லை, அதனால் அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை வந்துவிட்டது, இது கொரோனாவால் வந்தது இல்லை, அதற்கு முன்பே தொடங்கியது, வரவு கூடும்படி சீர்திருத்தம் செய்யாமல் இதிலிருந்து மீள முடியாது."

கொஞ்சம் நீளமான வாக்கியம்தான், பரவாயில்லை. குடும்பத்துக்கு எவ்வளவு கடன் என்ற எண்ணே இதில் இல்லை என்பதைப் பாருங்கள். அது இல்லாமலே வாதம் நிற்கிறது.

இரண்டாவது வேலை: "ஏன்னா", "ஆகவே", "ஆனாலும்"

அந்த ஒரு வாக்கியத்தை இப்போது கண்ணிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு இணைப்புச் சொல் வரும். வாதம் உட்கார்ந்திருப்பது அந்த இணைப்புச் சொற்களில்தான். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான், ஏன்னா பார்க்க அவை வெறும் ஒட்டுச் சொற்கள் மாதிரி இருக்கும்.

முதல் கண்ணி வருவாய் பற்றாக்குறை. இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் போதாமல் கடன் வாங்கினால் அது ஒரு வகை. சொந்த வீடு கட்ட வங்கியில் கடன் வாங்கினால் அது வேறு வகை. அரசு சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற செலவுக்கு வரவு போதாமல் போவதுதான் வருவாய் பற்றாக்குறை. பாலம், அணை கட்ட வாங்கும் கடனையும் சேர்த்துப் பார்ப்பது நிதிப் பற்றாக்குறை. சுருக்கங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இரண்டையும் வெறுமனே "பற்றாக்குறை" என்று எழுதிவிடுவது. அப்படி எழுதிய உடனே அறிக்கையின் வாதம் போய்விடும். ஏன்னா கடன் வாங்குவதை அறிக்கை குறை சொல்லவில்லை. அரிசிக்குக் கடன் வாங்குகிறோம் என்பதுதான் அதன் கவலை.

அறிக்கை தரும் படம் இது. 2006-07 முதல் 2012-13 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஐந்தில் தமிழ்நாட்டுக்கு வருவாய் உபரி இருந்தது. 2013-க்குப் பிறகு தொடர்ந்து பற்றாக்குறை. 2020-21-ல் அது 61,320 கோடி ரூபாய்.

அடுத்து ஒரு "ஆனாலும்" வருகிறது. 2020-21 கொரோனா ஆண்டாயிற்றே, வரவு குறையத்தானே செய்யும் என்று யாரும் கேட்பார்கள். அறிக்கை அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. கொரோனா பாதிப்பு கணக்கில் பெரிதாக ஏறுவதற்கு முந்தைய ஆண்டான 2019-20-லேயே வருவாய் பற்றாக்குறை சுமார் 35,900 கோடி. இந்த ஒரு எண் உங்கள் இரண்டு பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 61,320 கோடி அளவுக்கு இது கவர்ச்சியான எண் இல்லை. ஆனால் இதை எடுத்துவிட்டால், படிக்கிறவர் "கொரோனாதானே காரணம்" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அறிக்கை சொன்னதற்கு நேர் எதிரான முடிவு!

அதற்கு அடுத்த கண்ணி காரணம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயை மாநில மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது அறிக்கை. ஒரு காலத்தில் அது 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது, பிறகு 6 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ரூபாய் கணக்கில் பார்த்தால் வரி வசூல் கூடியிருக்கும், குறையவில்லையே என்று தோன்றும். பொருளாதாரத்தின் அளவோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும். ஆகவே "வரி வருவாய் குறைந்தது" என்று மட்டும் எழுதினால் அது தவறான தகவல். "பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால்" என்ற அந்த மூன்று சொல்லை விட்டுவிடக் கூடாது.

சரிவுக்கு அறிக்கை இரண்டு பக்கமும் கை காட்டுகிறது. ஒன்று, மாநிலம் தானே செய்யாமல் விட்டது. மோட்டார் வாகன வரி 15 ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை என்பது அதில் ஒன்று. இன்னொன்று, மத்திய அரசு செஸ், சர்சார்ஜ் என்று வசூலிக்கும் பணம் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை என்பது. எழுதுகிறவரின் அரசியல் சார்பு கசிகிற இடம் இதுதான். ஒருவர் முதல் காரணத்தை மட்டும் வைப்பார், இன்னொருவர் இரண்டாவதை மட்டும். இரண்டும் அறிக்கையில் உள்ளவை. இடம் இல்லை என்பது இங்கே சாக்கு ஆகாது. இரண்டுக்கும் சேர்த்து முப்பது வார்த்தை போதும்.

கடைசி கண்ணி, பட்ஜெட் கணக்குக்கு வெளியே இருக்கும் சுமை. மின் வாரியத்துக்கு ஒரு யூனிட்டுக்கு 2 ரூபாய் 36 காசு இழப்பு, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு என்கிறது அறிக்கை. இவை அரசின் நேரடிக் கடனில் தெரியாது. ஆனால் கடைசியில் அரசுதான் தாங்க வேண்டும்.

கண்ணியை எடுத்துப் பார்க்கும் சோதனை

இப்படி ஐந்தாறு கண்ணிகள் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொன்றாக விரலால் மறைத்துவிட்டு, மீதியைப் படித்தால் அதே முடிவுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். வர முடிகிறது என்றால் அந்தக் கண்ணி சுருக்கத்துக்குத் தேவையில்லை. வர முடியவில்லை என்றால் அதை வெட்டக் கூடாது.

59 ரூபாய் 15 காசை எடுத்துக்கொள்வோம். இந்த எண்ணை மட்டும் ஒரு வரியில் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனால் என்ன ஆகும்? படிப்பவர் தனக்குத் தெரிந்த காரணத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். ஒருவர் "ஊழியர்கள் ஒழுங்கா வேலை பார்க்கல" என்பார். இன்னொருவர் "மகளிருக்கு இலவசப் பயணம் கொடுத்ததால்" என்பார். இலவசப் பயணம் தொடங்கியது 2021 மே மாதம். அறிக்கை ஆராயும் காலம் அதற்கு முந்தையது. அறிக்கை வந்தபோது பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்திருந்தது 2018 ஜனவரியில், மின் கட்டணம் 2014 டிசம்பரில். செலவு ஏறிக்கொண்டே போக, கட்டணம் அதே இடத்தில் நின்றது என்பது அந்த இழப்புக்குப் பின்னால் உள்ள பெரிய காரணம். எண்ணோடு காரணத்தையும் காலத்தையும் சேர்த்து எழுத இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் செலவாகும். எழுதாமல் விட்டால், போக்குவரத்துக் கழக ஊழியர் ஒருவர் டீக்கடையில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

எண்ணுக்கு மூன்று கேள்வி

இரண்டு பக்கத்தில் எட்டு எண்ணுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் படிப்பவர் எண்களைத் தாண்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார். நாம எல்லாரும் அப்படித்தான். உள்ளே வைக்கும் ஒவ்வொரு எண்ணையும் கேளுங்கள்: எந்த ஆண்டு? எதோடு ஒப்பிட்டு? யார் மதிப்பிட்டது, இறுதிக் கணக்கா இல்லை உத்தேசமா?

இந்த மூன்று கேள்வியையும் 2,63,976 ரூபாயிடம் கேட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 5,70,189 கோடி ரூபாயை சுமார் 2.16 கோடி குடும்பங்களுக்கு வகுத்தால் வரும் எண் அது. ஆனால் 5,70,189 கோடி என்பது அறிக்கை வெளியான அன்று இருந்த கடன் இல்லை. 2021 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 2022 மார்ச் 31-ல் இவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட தொகை. 2021 மார்ச் இறுதிக்கு அதே பட்ஜெட் சொன்ன மதிப்பீடு சுமார் 4.85 லட்சம் கோடி. இரண்டுக்கும் நடுவில் 85 ஆயிரம் கோடி வித்தியாசம்.

இன்னொன்று. இந்தக் கடனை எந்தக் குடும்பமும் தனியாகக் கட்டப்போவதில்லை. கடனின் அளவு மனதில் பதிவதற்காகச் செய்த வகுத்தல் அது. சுருக்கத்தில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்றால், என் கருத்து, சேர்க்கலாம், ஆனால் முதல் வரியில் வேண்டாம். சேர்த்தால் "2022 மார்ச்சில் எதிர்பார்க்கப்படும் கடனைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து பார்த்தால்" என்ற முன்னொட்டோடு சேர்க்க வேண்டும்.

அதே மாதிரி, 2020-21 வருவாய் பற்றாக்குறைக்கு இரண்டு எண்கள் புழக்கத்தில் இருந்தன. பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டின் திருத்திய மதிப்பீட்டில் சுமார் 65,994 கோடி. ஆகஸ்ட் வெள்ளை அறிக்கையில் 61,320 கோடி. இரண்டில் எது பொய் என்று தேடத் தேவையில்லை. ஆண்டு முடிவதற்கு முன் போட்ட மதிப்பீடு ஒன்று, முடிந்த பிறகு கிடைத்த கணக்கு இன்னொன்று. வெள்ளை அறிக்கையின் சுருக்கத்தில் வெள்ளை அறிக்கையின் எண்தான் வர வேண்டும். வேறு இடத்தில் படித்த எண் ஞாபகத்தில் இருந்து கை தவறி உள்ளே வந்துவிடக் கூடாது.

ஒரு சொல் மாறினால் வாதமே மாறும்

"ஏழு ஆண்டுகளில் ஐந்தில் உபரி" என்று மேலே பார்த்தோம் இல்லையா? இதைச் சுருக்குகிறேன் என்று "2013 வரை உபரி இருந்தது" என்று எழுதுவது ரொம்ப இயல்பாக வரும். நாலைந்து வார்த்தை மிச்சம். ஆனால் அது உண்மை இல்லை. 2009-10, 2010-11 இரண்டு ஆண்டுகளிலும் வருவாய் பற்றாக்குறைதான் இருந்தது. உலகப் பொருளாதார மந்தநிலை, சம்பளக் கமிஷன் உயர்வு இரண்டும் சேர்ந்து வந்த காலம் அது. அப்போது ஆட்சியில் இருந்தது திமுக. 2011-12, 2012-13 உபரி ஆண்டுகளில் ஆட்சியில் இருந்தது அதிமுக. "2013 வரை உபரி" என்ற சின்ன வெட்டு, ஒரு கட்சிக்கு இரண்டு மோசமான ஆண்டுகளை அழித்துக் கொடுத்துவிடுகிறது. மூல அறிக்கைகூட அப்படிச் சொல்லவில்லை. சுருக்கியவர் சொல்லிவிட்டார்!

"ஐந்தில்", "பெரும்பாலும்", "எதிர்பார்க்கப்படும்", "ஒப்பிட்டால்" போன்ற அடக்கச் சொற்களை வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மாறாக, "குறிப்பிடத்தக்க வகையில்", "மிகவும் கவலையளிக்கும் விதத்தில்" என்பவற்றைத் தாராளமாக வெட்டலாம். அவை எண்ணோடு எதையும் சேர்ப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெள்ளை அறிக்கை அரசின் வாதம், ஆகவே "அறிக்கை சொல்கிறது", "அறிக்கையின் கணக்குப்படி" என்ற சொற்கள் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறையாவது வர வேண்டும். "நிதி நிர்வாகம் சீரழிந்தது" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "சீரழிந்ததாக அறிக்கை வாதிடுகிறது" என்றால் அது சுருக்கம். கொரோனா காலத்தில் எல்லா மாநிலங்களும் கடன் வாங்கின என்ற எதிர்க்கட்சித் தரப்பும் உண்டு. அதை எங்கே வைப்பது? சுருக்கத்துக்குள் இல்லை. தேவைப்பட்டால் தனித்தாளில். ஒரே தாளில் வாதத்தையும் மறுப்பையும் கலந்தால் எது யாருடையது என்றே தெரியாமல் போகும்.

இரண்டு பக்கத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் பக்கத்தின் மேலேயே, நாலு வரியில், நீங்கள் மூடி வைத்து எழுதிய அந்த வாக்கியம். அலுவலகத்தில் பலர் படிப்பது அந்த நாலு வரியை மட்டும்தான். அதன் கீழே வருவாய் பற்றாக்குறையும், கொரோனாவுக்கு முன்பே தொடங்கியது என்பதற்கான ஆதாரமும். இதற்கு முதல் பக்கம் முழுவதையும் கொடுத்துவிடலாம், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. இரண்டாம் பக்கத்தில் காரணங்கள், மின் வாரியம், போக்குவரத்து, அறிக்கை கேட்கும் மாற்றம்.

துணைத் தலைப்புகளைப் பெயர்ச்சொல்லாக வைக்காதீர்கள். "கடன் நிலை" என்று போட்டால் அது ஒரு பெட்டியின் பெயர். "அன்றாடச் செலவுக்கே கடன் போகிறது" என்று போட்டால், தலைப்பை மட்டும் ஓட்டிப் படிப்பவருக்கும் வாதம் போய்ச் சேரும். மொபைலில் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏன்னா அவர்கள் திரையைத் தள்ளிக்கொண்டே போகும்போது கண்ணில் நிற்பது தலைப்புதான்.

சரி, எழுதினால் எப்படி இருக்கும்? முதலில் வழக்கமாக வரும் வடிவம்:

"தமிழ்நாட்டின் கடன் 5.70 லட்சம் கோடியாக உயர்ந்துள்ளது. வருவாய் பற்றாக்குறை 61,320 கோடி. வரி வருவாய் குறைந்துள்ளது. மின் வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் நஷ்டத்தில் உள்ளன."

நாலு வாக்கியம், இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. வரிசையை மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடாது. வாதம் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். வாதம் இருந்தால் வரிசையை மாற்ற முடியாது. இப்போது அதே விஷயம்:

"2013 முதல் தமிழ்நாடு தன் அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கி வருவதாக அறிக்கை சொல்கிறது. 2020-21-ல் இந்த வருவாய் பற்றாக்குறை 61,320 கோடி. இதற்குக் கொரோனா மட்டும் காரணம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே சுமார் 35,900 கோடி பற்றாக்குறை இருந்தது. பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் மாநிலத்தின் வரி வருவாய் சரிந்ததே காரணம் என்கிறது அறிக்கை. மாநிலம் தன் வரிகளைக் காலத்துக்கேற்ப மாற்றாததும், மத்திய அரசின் செஸ், சர்சார்ஜில் பங்கு கிடைக்காததும் அந்தச் சரிவுக்குப் பின்னால் உள்ளன. இதற்கு மேல், கட்டணம் உயராததால் மின் வாரியமும் போக்குவரத்துக் கழகங்களும் சேர்த்த இழப்பும் கடைசியில் அரசின் தலையில்தான் விழும். ஆகவே செலவை மட்டும் குறைத்துப் பயனில்லை, வரவு கூட வேண்டும் என்பதே அறிக்கையின் முடிவு."

சுமார் எண்பது வார்த்தைதான் இருக்கிறது. மொத்தக் கடன் தொகை இதில் இல்லவே இல்லை. இதை எலும்புக்கூடாக வைத்து மற்றதைச் சேர்த்தால் 600 வார்த்தை வந்துவிடும்.

எது கட்டாயம் விடுபடும்?

துறைவாரிப் பட்டியல்கள், உள்ளாட்சி நிலுவைகள், மற்ற மாநிலங்களோடு ஒப்பீடு, ஆண்டுவாரி அட்டவணைகள் எல்லாம் போய்விடும். போகட்டும். ஆனால் போனது தெரிய வேண்டும். கடைசி இரண்டு வரியில் "துறைவாரி விவரங்கள் இங்கே சேர்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டால், அறிக்கையில் அதுவே இல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வெறும் அட்டவணைத் தொகுப்பாக வரும் ஆவணங்களுக்கு இந்த முறையே பொருந்தாது. அங்கே சுருக்க வாதம் இல்லை, தேர்ந்தெடுத்த அட்டவணைதான் கொடுக்க முடியும்.

கொடுப்பதற்கு முன் சரிபார்ப்பது எப்படி?

அறிக்கையைப் படிக்காத ஒருவரிடம் உங்கள் இரண்டு பக்கத்தைக் கொடுங்கள். படித்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, "இவங்க என்ன செய்யணும்னு சொல்றாங்க, ஏன்?" என்று கேளுங்கள். "கடன் அதிகமாம்" என்று மட்டும் பதில் வந்தால் இரண்டாவது கண்ணிக்குப் போய் மறுபடி எழுத வேண்டும். "கொரோனாதான் காரணமாம்" என்று வந்தால் அந்த 35,900 கோடி எங்கோ புதைந்து கிடக்கிறது என்று அர்த்தம், அதை மேலே கொண்டுவர வேண்டும். "வரவு குறைஞ்சுபோச்சு, அதான் சாப்பாட்டுக்கே கடன் வாங்குறாங்களாம், வரியைச் சரிபண்ணணுமாம்" என்று வந்தால் வேலை முடிந்தது.

அதன் பிறகு, உங்கள் பிரதியில் மட்டும், ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் மூல அறிக்கையின் பக்க எண்ணைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண் போட முடியாத வாக்கியம் ஏதாவது இருந்தால், அது அறிக்கையில் இருந்து வரவில்லை. அதை எடுத்துவிடுங்கள். மறுநாள் கூட்டத்தில் "இது எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று யாராவது கேட்டால் புரட்டிக் காட்டவும் அந்தப் பென்சில் எண்கள் உதவும்.